யூஸ்டு கார் இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்: திரையில் இருப்பதும், இல்லாததும்

வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கி, இண்டர்நெட் இணைப்பும் பெற்ற பலர், ரயில் டிக்கெட், மின் கட்டணம் என்று தொடங்கி இப்போது பெரிய பொருட்களையும் இணையத்திலேயே தேடுகின்றனர். அவற்றில் ஒன்று பழைய கார். முன்பு பழைய கார் வேண்டும் என்றால் தெரிந்த மெக்கானிக்கிடமோ, புரோக்கரிடமோ சொல்லி வைப்போம். 2015ல் கார்ஸ்24, ஸ்பின்னி போன்ற நிறுவனங்கள் தொடங்கப்பட்ட பின், நூற்றுக்கணக்கான கார்களை வீட்டிலிருந்தே பார்க்கும் வசதி வந்துவிட்டது. ஒவ்வொரு காருக்கும் கீழே ஒரு இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் இருக்கும். 140 பாயிண்ட், 200 பாயிண்ட் என்று தலைப்பிட்டு, வரிசையாகப் பச்சை டிக் போட்டிருப்பார்கள்.

நெய்வேலி போன்ற ஊரில் இருப்பவர்களுக்கு இந்த ரிப்போர்ட் மிக முக்கியமானது. இத்தகைய தளங்களில் நாம் பார்க்கும் கார்கள் பெரும்பாலும் சென்னையில் நிற்கின்றன. விக்கிரவாண்டி வழியாகப் போனால் ஏறத்தாழ 200 கி.மீ. தூரம். ஒவ்வொரு காரையும் நேரில் பார்த்து வருவது என்றால் ஒரு நாள் விடுப்பும், பெட்ரோல் செலவும் ஆகும். எனவே பத்துக் கார்களில் எந்த ஒன்றைப் பார்க்கப் போவது என்பதை இந்த ரிப்போர்ட்டை வைத்துத்தான் முடிவு செய்கிறோம். சிலர் அதை மட்டும் நம்பி முன்பணமும் கட்டி விடுகின்றனர்.

இந்த ரிப்போர்ட்டில் பொய் இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. பெரும்பாலும் எழுதியிருப்பது உண்மைதான். ஆனால் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு மட்டுமே அதில் பதில் இருக்கும். கேட்காத கேள்விக்குப் பதில் இருக்காது; அங்கே சிவப்புக் குறியும் இருக்காது. அதனால் அந்தக் கேள்வியே நமக்குத் தோன்றாமல் போய்விடுகிறது. இருப்பதை எப்படிப் படிப்பது, இல்லாததை எங்கே தேடுவது என்று இங்கு பார்ப்போம்.

முதலில் கடைசிப் பக்கம்

ரிப்போர்ட்டைத் திறந்தவுடன் மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள். நேராகக் கடைசிக்குச் சென்று, அங்குள்ள சிறிய எழுத்துகளைப் படியுங்கள். எழுத்து மிகச் சிறியதாக இருந்தால் Ctrl கீயை அழுத்திக் கொண்டு + கீயைத் தட்டுங்கள். பக்கம் பெரிதாகும். பழைய அளவுக்கு வர Ctrl + 0 அழுத்தினால் போதும்.

இங்கு மூன்று விஷயங்களைத் தேட வேண்டும். முதலாவது, சோதனை எப்படி நடந்தது என்பது. எந்தப் பாகத்தையும் கழற்றாமல், கண்ணால் பார்த்துச் செய்த சோதனை என்ற பொருளில் ஒரு வரி வழக்கமாக இருக்கும். கழற்றாமல் என்றால் தரை விரிப்புக்குக் கீழே பார்க்கவில்லை, கதவின் உள்பக்க அட்டையைத் திறக்கவில்லை, எஞ்சின் சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கவில்லை என்று பொருள்.

இரண்டாவது, யாருக்காகச் செய்த சோதனை என்பது. மூன்றாம் நபர் ரிப்போர்ட் என்றால், விற்பவரும் வாங்குபவரும் அல்லாத ஒருவர் சோதித்தார் என்று பொருள். ஆனால் அவருக்குக் கட்டணம் கொடுப்பது பெரும்பாலும் விற்பனைத் தளம் அல்லது டீலர். படிவத்தில் என்னென்ன கேள்விகள் இருக்க வேண்டும் என்பதையும் அவரைப் பணியில் அமர்த்தியவர்களே முடிவு செய்கின்றனர். சோதித்தவர் நேர்மையானவராக இருக்கலாம். ஆனால் படிவத்தில் இல்லாத ஒன்றை அவர் எழுத வழியில்லை.

மூன்றாவது, தேதியும் ஓடிய கிலோமீட்டரும். பல தளங்கள் காரை உரிமையாளரிடம் வாங்கும்போது ஒரு முறை சோதிக்கின்றன. பிறகு பெயின்ட், டென்ட் வேலைகளை முடித்து விற்பனைக்கு வைக்கும்போது இன்னொரு முறை சோதிக்கின்றன. உங்களுக்குக் காட்டப்படுவது இரண்டாவது ரிப்போர்ட் என்றால், முதல் ரிப்போர்ட்டில் இருந்த கீறலும் நெளிவும் அதில் இருக்காது. எனவே முதல் ரிப்போர்ட்டையும் கேளுங்கள். தர மறுக்கலாம், கேட்பதில் தவறில்லை.

படித்து முடித்தவுடன் அந்தப் பக்கத்தைச் சேமித்து வையுங்கள். Ctrl + P அழுத்தினால் பிரிண்ட் விண்டோ கிடைக்கும். அதில் பிரிண்டரின் பெயர் இருக்கும் இடத்தில் Save as PDF என்பதைத் தேர்ந்தெடுத்து, காரின் பெயரையும் அன்றைய தேதியையும் பைல் பெயராகக் கொடுங்கள். இணையப் பக்கம் நாளை மாறலாம், விற்றவுடன் நீக்கப்படலாம். உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள பைல் அப்படியே இருக்கும். பின்னாளில் தகராறு வந்தால் உங்களிடம் இருக்கும் சான்று அதுதான்.

ஒரு மாதிரி ரிப்போர்ட்

இனி உதாரணத்துக்கு ஒரு ரிப்போர்ட்டை எடுத்துக்கொள்வோம். விளக்கத்திற்காக நாமே உருவாக்கிய மாதிரி இது. ஆனால் இதிலுள்ள சொற்கள் இத்தகைய தளங்களில் நீங்கள் பார்க்கும் சொற்களே. 2019 ஜூன் மாதம் பதிவான பெட்ரோல் கார், சென்னைப் பதிவு எண், முதல் உரிமையாளர், 41,600 கி.மீ. ஓடியது. ரிப்போர்ட்டின் வெவ்வேறு பக்கங்களில் இந்த வரிகள் இருக்கின்றன.

```
Bonnet               Repainted
LHS Fender           Replaced
LHS Apron            Repaired
Upper Cross Member   Replaced
Airbag               OK
Error Codes          None
```

மற்ற 54 இடங்களில் OK என்று இருக்கிறது. அதாவது 60 இடங்களில் நான்கில் மட்டும் குறை. இதைச் சதவீதமாக மாற்றினால் 93 மதிப்பெண் வரும். தேர்வில் 93 எடுத்த பையனைப் போல இந்தக் காரும் நமக்குத் தோன்றும். தவறு இங்கேதான் தொடங்குகிறது.

இந்தச் சொற்களின் பொருளைப் பார்ப்போம். LHS என்பது ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தால் இடது பக்கம். RHS வலது பக்கம். பானெட், பெண்டர், கதவு, டிக்கி மூடி ஆகியவை போல்ட் போட்டு மாட்டப்படுபவை. இவற்றை மாற்றினாலோ, பெயின்ட் அடித்தாலோ காரின் உறுதி குறையாது. நம் ஊர்த் தெருவில் ஸ்கூட்டர் உரசினாலும் பெண்டரை மாற்றுவார்கள்.

ஏப்ரன் என்பது வேறு. பானெட்டைத் திறந்தால் எஞ்சினுக்கு இருபுறமும், சக்கரத்துக்கு மேலே தெரியும் உள் தகடு அது. காரின் உடலோடு வெல்டிங் செய்யப்பட்டது. முன் சக்கரத்தின் சஸ்பென்ஷன் அங்குதான் மேல்முனையில் பொருந்துகிறது. பில்லர், ஃபயர்வால், டிக்கியின் தரைப்பகுதி ஆகியவையும் இப்படி உடலோடு சேர்ந்தவை. அப்பர் கிராஸ் மெம்பர் என்பது ரேடியேட்டருக்கு மேலே குறுக்காக ஓடும் பட்டை. பானெட் பட்டி என்றும் சொல்வார்கள். முன்பக்கத்தில் பலமான இடி வாங்கினால் நசுங்கும் பாகங்களில் இதுவும் ஒன்று.

இப்போது ஒரு தாளில் காரின் படத்தை மேலிருந்து பார்ப்பது போலக் கோடாக வரையுங்கள். குறை சொன்ன நான்கு இடங்களையும் அதில் புள்ளி வையுங்கள். நான்கு புள்ளிகளும் முன்பக்கத்தில், இடது ஓரத்தை ஒட்டியே விழுகின்றன. ரிப்போர்ட்டில் வெவ்வேறு பக்கங்களில் சிதறிக் கிடந்த நான்கு சிறு குறைகள், நிஜத்தில் ஒரே விபத்து. அதுவும் பெண்டரைத் தாண்டி, வெல்டிங் செய்த தகடு வரை போன விபத்து. ரிப்போர்ட் பாகங்களைச் சொல்கிறது, சம்பவத்தைச் சொல்வதில்லை. அதை நாம்தான் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அதற்காக உடனே காரைத் தள்ளிவிட வேண்டும் என்பதில்லை. ஏப்ரனை முறையாகச் சரிசெய்து, சக்கரங்களின் அலைன்மென்ட் சரியாக இருந்தால் அந்தக் கார் நன்றாகவே ஓடும். ஆனால் விபத்தே இல்லாத காரின் விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது. மேலும் ஒரு கேள்வி எழுகிறது. அவ்வளவு பலமான இடி என்றால் ஏர்பேக் விரிந்ததா? விரிந்திருந்தால் புதிதாக மாற்றினார்களா?

OK என்பதன் பொருள்

ஏர்பேக் OK என்று எழுதுபவர் அதைத் திறந்து பார்ப்பதில்லை. டேஷ்போர்டில் ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு எரிகிறதா என்று பார்க்கிறார். எரியவில்லை என்றால் OK. ஆனால் சரியான முறை இதுதான்: சாவியைத் திருப்பியதும் அந்த விளக்கு முதலில் எரிய வேண்டும், சில விநாடிகளில் அணைய வேண்டும். முதலிலேயே எரியாமல் இருந்தால் அந்த விளக்கின் இணைப்பையே துண்டித்திருக்கலாம். தளத்தில் வீடியோ இருந்தால் சாவி போடும் இடத்தில் நிறுத்தி, இந்த விளக்கைக் கவனியுங்கள்.

Error Codes என்ற வரியையும் இப்படியே பார்க்க வேண்டும். இன்றைய கார்களில் எஞ்சினைக் கண்காணிக்க ஒரு சிறிய கம்ப்யூட்டர் இருக்கிறது. எங்காவது கோளாறு என்றால், அது ஒரு குறியீட்டைத் தன் நினைவகத்தில் பதிந்து வைக்கும். ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள ஓ.பி.டி. சாக்கெட்டில் ஸ்கேனரை மாட்டி, சோதிப்பவர் இதைப் படிக்கிறார். None என்றால் அந்த நேரத்தில் குறியீடு எதுவும் இல்லை என்று பொருள். அதற்கு ஒரு மணி நேரம் முன்பு, அதே போன்ற ஸ்கேனரால் யாராவது அழித்திருந்தாலும் None என்றுதான் வரும். நம் பிரவுசரில் ஹிஸ்டரியை அழிப்பது போன்றதே இது.

ஆனால் ஹிஸ்டரியை அழித்ததற்கே ஒரு தடயம் உண்டு. பெரும்பாலான கார்களில், குறியீடுகளை அழித்த பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்ற எண்ணிக்கையையும் அந்தக் கம்ப்யூட்டர் வைத்திருக்கும். ELM327 என்ற பெயரில் விற்கும் சிறிய ப்ளூடூத் அடாப்டரை வாங்கி, ஓ.பி.டி. சாக்கெட்டில் மாட்டுங்கள். ஸ்மார்ட் போனில் OBD2 என்று தேடினால் இதற்கான செயலிகள் கிடைக்கும். அதில் Distance since codes cleared என்ற வரியைப் பாருங்கள். 41,600 கி.மீ. ஓடிய காரில் இந்த எண் ஆயிரக்கணக்கில் இருந்தால் நல்லது. 12 கி.மீ. என்று இருந்தால், யாரோ அண்மையில் அழித்திருக்கிறார்கள். சர்வீஸ் செய்த பின் அழிப்பதும், சில கார்களில் பேட்டரியைக் கழற்றினால் இந்த எண் பூச்சியமாவதும் உண்டு. எனவே இதை வைத்துக் குற்றம் சாட்ட முடியாது. ஆனால் "எதற்காக அழித்தீர்கள், பில் இருக்கிறதா?" என்று கேட்கலாம்.

ரிப்போர்ட்டில் உள்ள டயர் படங்களையும் பெரிதாக்கிப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் DOT என்று தொடங்கும் எழுத்துகளின் முடிவில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019ம் ஆண்டின் 23வது வாரத்தில் தயாரான டயர். கார் 2019, டயரும் 2019, ஓட்டம் 41,600 என்றால் கணக்கு ஒத்துப் போகிறது. நான்கு டயரும் 2021 என்று இருந்து, ஓட்டம் 41,600 தான் என்றால், இரண்டே ஆண்டுகளில் ஏன் நான்கையும் மாற்றினார்கள் என்று கேட்க வேண்டும். ஓட்டம் உண்மையில் அதிகமாக இருந்து, மீட்டரைக் குறைத்திருக்கலாம். சர்வீஸ் பில்களில் ஒவ்வொரு முறையும் கிலோமீட்டர் அச்சாகி இருக்கும். அவற்றைத் தேதி வரிசையில் வைத்துப் பார்த்தால் எண் எங்காவது பின்னால் போகிறதா என்று தெரிந்துவிடும்.

கேட்கப்படாத கேள்வி: வெள்ளம்

நமது மாதிரி ரிப்போர்ட்டில் 60 வரிகள் இருந்தன. அவற்றில் தண்ணீர் பற்றி ஒரு வரிகூட இல்லை. சில தளங்கள் வெள்ளத்தில் மூழ்கிய காரை விற்பதில்லை என்று பொதுவாக உறுதி தருகின்றன. ஆனால் இந்தக் குறிப்பிட்ட காரில் அதை எப்படிச் சோதித்தார்கள் என்பது ரிப்போர்ட்டில் இருக்காது.

நம் பகுதியில் இது வெறும் கற்பனைப் பயம் அல்ல. 2015 டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்தபோது சென்னையில் ஏராளமான கார்கள் மூழ்கின. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மீண்டும் சென்னையை மூழ்கடித்தது. 2024 நவம்பர் 30ம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அடுத்த நாட்களில் தென்பெண்ணை ஆற்றின் வெள்ளம் நம் கடலூர் மாவட்டத்திலும் விழுப்புரம் மாவட்டத்திலும் புகுந்தது. எனவே சென்னை, புதுச்சேரி, கடலூர், விழுப்புரம் பதிவு எண் கொண்ட கார் எதுவாக இருந்தாலும், இந்த நாட்களில் அது எங்கே நின்றது என்ற கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும்.

தண்ணீர் புகுந்த காரைக் கழுவிக் காய வைத்து ஓட்டினால், முதலில் எல்லாம் வேலை செய்யும். சோதனை நடக்கும் அந்த ஒரு மணி நேரத்திலும் வேலை செய்யும். ஆனால் ஏர்பேக்கைக் கட்டுப்படுத்தும் பெட்டி பல கார்களில் நடுவில், கியர் பகுதிக்கு அடியில், தரையை ஒட்டியே இருக்கிறது. முன் இருக்கைகளுக்குக் கீழே ஒயர் இணைப்புகள் இருக்கின்றன. சேற்று நீர் பட்ட இந்த இணைப்புகளில் உள்ள செம்பு மெல்லப் பச்சைப் பிடிக்கும். பல மாதங்கள் கழித்து, ஒரு நாள் கண்ணாடி இறங்காது. இன்னொரு நாள் கார் ஸ்டார்ட் ஆகாது. எந்த இணைப்பு கெட்டது என்று தேடியே மெக்கானிக்கின் நேரமும் உங்கள் பணமும் கரையும். அதற்குள் தளம் கொடுத்த வாரண்டிக் காலமும் முடிந்திருக்கலாம்.

ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்தால் தெரியாதா? தெரியாது. பழுது பார்க்கும் செலவு, பாலிசியில் உள்ள ஐ.டி.வி. மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால், இன்சூரன்ஸ் நிறுவனம் அதை முழு இழப்பாகக் கருதும். ஐ.டி.வி. நான்கு லட்சம் என்றால் மூன்று லட்சம்தான் எல்லை. எஸ்டிமேட் மூன்றரை லட்சம் வந்தால், உரிமையாளருக்கு இழப்பீடு கிடைத்துவிடும். கார் அப்படியே ஒருவருக்கு விற்கப்படும். அவர் குறைந்த செலவில் ஓட வைத்து மறுபடியும் விற்கலாம். அமெரிக்காவில் பல மாநிலங்களில் இத்தகைய காரின் உரிமைப் பத்திரத்திலேயே Salvage என்று அச்சிட்டு விடுவார்கள். நம் நாட்டில் ஆர்.சி.யில் அப்படி ஒரு முத்திரை கிடையாது.

அரசின் parivahan.gov.in தளத்தில் Informational Services என்ற மெனுவில் Know Your Vehicle Details என்ற வசதி உள்ளது. மொபைல் எண் கொடுத்துப் பதிவு செய்து, காரின் எண்ணை டைப் செய்தால், பதிவு தேதி, வங்கிக் கடன் நிலுவை, இன்சூரன்ஸ் முடியும் நாள் போன்றவற்றைப் பார்க்கலாம். கட்டாயம் பாருங்கள். ஆனால் விபத்து, வெள்ளம், இன்சூரன்ஸ் இழப்பீடு பற்றி அங்கும் எதுவும் இருக்காது.

பாலிசியில் ஒரு வரி

பிறகு எங்கே தேடுவது? பழைய இன்சூரன்ஸ் பாலிசிகளில். ஒவ்வொரு பாலிசியிலும் பிரீமியம் கணக்கிடும் இடத்தில் No Claim Bonus அல்லது NCB என்று ஒரு வரி இருக்கும். இழப்பீடு எதுவும் கேட்காமல் ஓர் ஆண்டு கடந்தால், அடுத்த ஆண்டு 20 சதவீதம் தள்ளுபடி. தொடர்ந்து கேட்காமல் இருந்தால் 25, 35, 45, 50 என்று ஏறும். ஒரு முறை இழப்பீடு வாங்கினால் பூச்சியத்துக்கு இறங்கிவிடும். இந்தப் படிக்கட்டை மனதில் வைத்துக் கொண்டால் போதும்.

நமது மாதிரிக் காருக்கே கணக்கிடுவோம். 2019 ஜூனில் பதிவானது. 2020 ஜூன் பாலிசியில் 20, 2021ல் 25, 2022ல் 35, 2023ல் 45, 2024ல் 50 என்று இருக்க வேண்டும். விற்பவர் அனுப்பிய பி.டி.எப். பைல்களைத் திறக்கிறோம். Ctrl + F அழுத்தி NCB அல்லது No Claim என்று தேடுகிறோம். 2023 ஜூனில் 45 இருக்கிறது. 2024 ஜூனில் 0 இருக்கிறது. 2025 ஜூனில் 20. அப்படியானால் 2023 ஜூனுக்கும் 2024 ஜூனுக்கும் நடுவில் ஓர் இழப்பீடு வாங்கியிருக்கிறார்கள். அந்த இடைவெளியில் 2023 டிசம்பர் வெள்ளமும் வருகிறது. இதில் 93 மதிப்பெண் ரிப்போர்ட் நமக்கு எந்த உதவியும் செய்யவில்லை.

ஆனால் அவசரப்படக் கூடாது. நாம் முதலில் கண்ட முன்பக்க விபத்தே அந்த இழப்பீட்டுக்குக் காரணமாக இருக்கலாம். இரண்டில் எது என்று அறிய, அந்த இழப்பீட்டின் பழுதுபார்ப்பு பில் வேண்டும். பில்லில் பெண்டர், கிராஸ் மெம்பர், ஹெட்லைட், ஏப்ரன் வேலை என்று இருந்தால் அது விபத்து. தரை விரிப்பு, ஒயரிங், இருக்கை சுத்தம், கட்டுப்பாட்டுப் பெட்டி என்று இருந்தால் அது தண்ணீர். விற்பவருக்கு அல்லது தளத்தின் பிரதிநிதிக்கு இப்படி ஒரு மெயில் அனுப்பலாம்:

"சார், இந்தக் காரின் 2023, 2024, 2025 ஆகிய மூன்று ஆண்டு இன்சூரன்ஸ் பாலிசிகளின் பி.டி.எப். பைல்களும், 2023-24ல் வாங்கிய கிளெய்முக்கான ஒர்க்‌ஷாப் பில்லும் அனுப்பி வையுங்கள். கார் வெள்ளத்தில் பாதிக்கப்படவில்லை என்பதையும் பதில் மெயிலில் எழுத்தில் தெரிவியுங்கள். பார்த்துவிட்டு நேரில் வருகிறேன்."

போனில் கேட்காமல் மெயிலில் கேட்பதற்குக் காரணம் உண்டு. வரும் பதில் உங்களிடம் இருக்கும். நீங்கள் சேமித்து வைத்த ரிப்போர்ட் பைலுடன் அதையும் ஒரே போல்டரில் வையுங்கள்.

இந்த முறைக்கும் எல்லைகள் உண்டு. NCB என்பது காருக்கு உரியது அல்ல, உரிமையாளருக்கு உரியது. கார் கைமாறினால் புதியவருக்கு அது பூச்சியத்தில் தொடங்கும். அல்லது அவருடைய பழைய காரின் போனஸ் வந்து சேரும். பாலிசி காலாவதியாகி 90 நாட்கள் கடந்துவிட்டாலும் போனஸ் போய்விடும். போனஸைப் பாதுகாக்கும் கூடுதல் கவர் எடுத்திருந்தால், இழப்பீடு வாங்கிய பின்னும் எண் இறங்காமல் இருக்கலாம். இன்சூரன்ஸிடம் போகாமல் சொந்தச் செலவில் சரிசெய்திருந்தால் எந்தத் தடயமும் இருக்காது. எனவே எண் பூச்சியமானால் விளக்கம் கேளுங்கள். எண் சரியாக ஏறியிருந்தால் நிம்மதி கொள்ளலாம். ஆனால் நேரில் பார்ப்பதை விட்டுவிடக் கூடாது.

உரிமையாளர் எண்ணிக்கையையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். முழு இழப்பு என்று கைவிடப்பட்ட கார் பெரும்பாலும் இன்னொருவர் பெயருக்கு மாறியிருக்கும். நமது மாதிரிக் கார் இன்னும் முதல் உரிமையாளரிடமே இருப்பதால் அந்தச் சந்தேகம் குறைகிறது. 2024 தொடக்கத்திலோ, 2025 தொடக்கத்திலோ இரண்டாவது உரிமையாளருக்கு மாறிய கார் என்றால் கூடுதல் கவனம் தேவை.

நேரில் போகும் நாளில்

காகிதங்கள் திருப்தி தந்தால் மட்டுமே பயணம். அங்கே ரிப்போர்ட்டில் உள்ள 60 வரிகளையும் மறுபடி சோதிக்க வேண்டியதில்லை. அவர்கள் பார்க்காத இடங்களை மட்டும் பாருங்கள். காரின் கண்ணாடிகளை மூடிவைக்கச் சொல்லி, கதவைத் திறந்தவுடன் உள்ளே ஈர வாடை வருகிறதா என்று கவனியுங்கள். வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்தாலும் சந்தேகப்படுங்கள். முன் சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுங்கள். கழுவும் போது யாரும் அதை முழுக்க இழுத்துக் கழுவுவதில்லை. உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக்கறை கோடாக நிற்கும். இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி, கீழே உள்ள தண்டவாளத்தில் துரு இருக்கிறதா என்று மொபைல் டார்ச் அடித்துப் பாருங்கள். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி, அந்தக் குழியின் மூலைகளில் வண்டல் இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். ஒயர் இணைப்புகளில் பச்சைப் படிவு தெரிந்தால் மேலே பேச வேண்டாம்.

ஏப்ரனுக்கு உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் செல்வது நல்லது. பானெட்டைத் திறந்து, இடது ஏப்ரனையும் வலது ஏப்ரனையும் ஒப்பிடச் சொல்லுங்கள். தொழிற்சாலையில் போட்ட வெல்டிங் புள்ளிகள் ஒரே இடைவெளியில், ஒரே அளவில் இருக்கும். கையால் செய்த வேலை வேறுபட்டுத் தெரியும். ஓட்டிப் பார்க்கும்போது நேரான சாலையில் ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கிறதா என்றும் பாருங்கள்.

நமது மாதிரிக் காரின் முடிவு என்ன? பில்லில் விபத்து வேலைகள் மட்டும் இருந்து, சீட் பெல்ட்டும் தண்டவாளமும் சுத்தமாக இருந்து, ஏர்பேக் விளக்கு எரிந்து அணைந்தால், அது விபத்தில் சிக்கிச் சரிசெய்யப்பட்ட கார். விலையைக் குறைத்துக் கேட்டு வாங்கலாம். பில் கிடைக்கவில்லை, "அதெல்லாம் பழைய விஷயம் சார்" என்ற பதில்தான் வருகிறது என்றால், மதிப்பெண் 93 ஆக இருந்தாலும் அந்த டேபை மூடிவிட்டு அடுத்த காரைத் தேடுங்கள்.